எங்கள் பேஜில் யாரோ போட்ட கொமெண்ட்டுக்கு நாங்கள் பொறுப்பா? (சைபர் சட்ட ஒப்படை)

கொட்டகலை மாணவி · ஞாயிறு இரவு 8.50

வணக்கம். கண்டியில் வார இறுதி வகுப்பில் சைபர் சட்டம் படிக்கிறேன். இந்த வாரம் ஒப்படைக்கு ஒரு கற்பனை வழக்கு தந்திருக்கிறார்கள். நான்கு பக்கம் எழுத வேண்டும், இரண்டாம் பக்கத்திலேயே சிக்கிக்கொண்டேன்.

விஷயம் இதுதான். ஒரு தோட்டத்துக்கு ஒரு பேஸ்புக் பேஜ் இருக்கிறது. ஆறாயிரம் பேர் பின்தொடர்கிறார்கள், பாதிப் பேர் கொழும்பிலும் வளைகுடாவிலும் இருப்பவர்கள். மரணாதாரச் சங்கக் கூட்டத்தின் படத்தை ஞாயிறு மாலை பேஜில் போடுகிறார்கள். இரவு 8.40க்குப் பெயர் தெரியாத ஒரு கணக்கிலிருந்து ஒரு கொமெண்ட் விழுகிறது: “சங்கத்துக் காசு எங்கே போனது என்று பொருளாளரின் புது திரீவீலரைக் கேளுங்கள்.”

திங்கள் காலை 10 மணிக்குப் பொருளாளர் பேஜின் இன்பொக்ஸுக்கு, “உங்கள் பேஜில் என்னைப் பற்றிப் பொய் போகிறது, உடனே எடுங்கள்” என்று எழுதுகிறார். எந்தக் கொமெண்ட் என்று சொல்லவில்லை. அந்த நேரம் படத்துக்குக் கீழே 140 கொமெண்ட் இருக்கிறது. செவ்வாய் மாலை 5 மணிக்கு ஒரு சட்டத்தரணியின் கடிதம், லிங்க்குடன் வருகிறது. அன்றிரவு 9 மணிக்கு ஓர் எட்மின் அந்தக் கொமெண்ட்டை ஹைட் செய்கிறார். வியாழன் காலைதான் டிலீட் செய்கிறார்கள்.

கேள்வி: பொருளாளர் யார் மீது, எந்தச் சட்டத்தின் கீழ் போகலாம்? எட்மின்கள் பொறுப்பா? பேஸ்புக் பொறுப்பா?

நெட்ராசா · ஞாயிறு இரவு 9.15

இதில் யோசிக்க என்ன இருக்கிறது தங்கச்சி? அமெரிக்காவில் 230ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. மற்றவர்கள் எழுதியதற்குத் தளம் பொறுப்பில்லை. பேஸ்புக் அமெரிக்கக் கம்பனி, ஆகவே பேஸ்புக்கும் தப்பித்தது, அதில் பேஜ் நடத்துகிறவனும் தப்பித்தான்.

நம் நாட்டிலும் நிகழ்நிலைக் காப்புச் சட்டம் 24 மணித்தியாலம் கொடுக்கிறது. செவ்வாய் 5 மணிக்குக் கடிதம், 9 மணிக்கு ஹைட். நாலே மணித்தியாலம்! கேஸ் முடிந்தது. மிச்சம் மூன்று பக்கத்துக்கு ஏதாவது படம் ஒட்டிவிடுங்கள்.

பழைய தலைவர் · ஞாயிறு இரவு 9.40

மகளே, நான் பதினெட்டு வருசம் மரணாதாரச் சங்கத்தில் இருந்தவன். பொருளாளர் காசை எடுத்திருந்தால் பேஸ்புக்கில் கேட்டு வேலையில்லை. முதலில் கணக்குப் புத்தகத்தைக் கூட்டத்தில் வைக்கச் சொல்லுங்கள். பற்றுச்சீட்டுப் புத்தகத்தின் அடிக்கட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அரை மணித்தியாலத்தில் தெரிந்துவிடும். எங்கள் காலத்தில் ஒரு குடும்பத்துக்குச் சாவுப் பணம் இரண்டு தடவை எழுதப்பட்டிருந்ததை அப்படித்தான் பிடித்தோம்.

கொட்டகலை மாணவி · ஞாயிறு இரவு 9.52

ஐயா, இது கற்பனை வழக்கு. காசை யார் எடுத்தார்கள் என்பது கேள்வியில் இல்லை. கொமெண்ட் பேஜில் இருந்ததற்கு யார் பொறுப்பு என்பதுதான். ஆனால் அடிக்கட்டை விஷயத்தைக் குறித்துக்கொண்டேன் :)

கறுப்புக் கோட்டு · ஞாயிறு இரவு 11.05

நெட்ராசா சொன்னதில் பாதி சரி, அந்தப் பாதியிலிருந்தே தொடங்கலாம்.

230ஆம் பிரிவு 1996இல் வந்தது. அது சேவை நடத்துகிறவருக்கு மட்டுமல்ல, சேவையைப் பாவிப்பவருக்கும் காவல் தருகிறது. ஆகவே இந்தப் பேஜ் கலிபோர்னியாவில் இருந்து, வழக்கும் அங்கேயே நடந்தால் எட்மின்களுக்கும் அது கை கொடுக்கும். ஆனால் கொட்டகலையில் இருக்கிற பொருளாளர், கொட்டகலையில் இருக்கிற எட்மின் மீது இங்கே வழக்குப் போட்டால், நம் நீதிபதி அமெரிக்கச் சட்டத்தைத் திறக்கவே மாட்டார். கம்பனி எந்த நாட்டில் பதிவானது என்பது எட்மினுக்குக் குடையாகாது.

இரண்டாவது, 24 மணித்தியாலம். அது நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில், அதாவது 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தில் உண்டுதான். ஆனால் அந்த மணிக்கூட்டை யார் தொடக்கி வைக்கிறார்கள் என்று பாருங்கள். பாதிக்கப்பட்டவர் அந்தச் சட்டம் சொல்லும் நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழுவிடம் முறையிட வேண்டும். ஆணைக்குழு விசாரித்து, தடைசெய்யப்பட்ட கூற்று என்று கருத இடமிருந்தால், முதலில் எழுதியவருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டும். அவருக்கு 24 மணித்தியாலம். அவர் கேட்காவிட்டால்தான் அடுத்த அறிவித்தல் இணைய சேவை தருபவருக்கும் பேஸ்புக் போன்ற இடையீட்டாளருக்கும் போகும், அவர்களுக்கும் 24 மணித்தியாலம். ஆணைக்குழுவுக்குப் போகாமல் நேரே நீதவான் நீதிமன்றத்தில் மனுவும் சத்தியக் கடதாசியும் போட்டுக் கட்டளை கேட்கவும் வழியுண்டு. சட்டத்தரணி எழுதும் கடிதம் இந்த இரண்டில் எதுவும் இல்லை. அது தபாலில் வந்த ஒரு கடிதம், அவ்வளவுதான்.

அதைவிடப் பெரிய சிக்கல்: இந்தக் கொமெண்ட் அந்தச் சட்டத்துக்குள் வருமா? எல்லாப் பொய்யும் அங்கே தடைசெய்யப்பட்ட கூற்று இல்லை. தேசியப் பாதுகாப்பு, பொதுச் சுகாதாரம், பொது ஒழுங்கு, மக்கள் பிரிவுகளுக்கிடையே பகைமை என்று அது பட்டியல் போட்டிருக்கிறது. ஒரு பொருளாளரின் திரீவீலர் இதில் எதற்குள்ளும் நுழையாது. பொய்க் கூற்று என்பதற்கும் அந்தச் சட்டத்தில் தனி வரைவிலக்கணம் உண்டு. சொன்னவருக்கே அது பொய் என்று தெரிந்திருக்க வேண்டும், அல்லது பொய் என்று அவர் நம்பியிருக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு சொன்ன அபிப்பிராயமும் எச்சரிக்கையும் குற்றச்சாட்டும் அதற்கு வெளியே.

ஒப்படையில் பலர் இங்கேதான் விழுவார்கள் என்று நினைக்கிறேன். இணையம் என்றதும் இணையச் சட்டத்தைத் தூக்கக் கூடாது.

கொட்டகலை மாணவி · திங்கள் காலை 6.20

நான் விழுந்தே விட்டேன் சேர். இரண்டு பக்கமும் அந்தச் சட்டத்தைத்தான் எழுதி வைத்திருக்கிறேன். அப்போ எதில் போவது? பொலிசில் அவதூறு என்று முறைப்பாடு போடலாமா?

கறுப்புக் கோட்டு · திங்கள் காலை 7.10

முடியாது. குற்றவியல் அவதூறு 2002இலேயே நீக்கப்பட்டுவிட்டது. மிச்சமிருப்பது மாவட்ட நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்கு, அதாவது ரோமன்-டச்சுச் சட்டத்தின் மானநட்ட வழக்கு.

கொமெண்ட்டில் ‘திருடினார்’ என்ற சொல் இல்லையே என்று ஒருவரும் தப்ப முடியாது. திரீவீலரைக் கேளுங்கள் என்றால் வாசிக்கிறவர் என்ன விளங்கிக்கொள்வார் என்பதுதான் அளவுகோல். தோட்டத்தில் எல்லாருக்கும் விளங்கும். எழுதியவர் மீது வழக்கு நேரானது, ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். ஆகவே பொருளாளரின் கண் எட்மின் பக்கம் திரும்பும்.

எட்மின் ‘வெளியிட்டவர்’ ஆவாரா? இதற்கு இணையத்துக்கு முந்திய ஒரு வழக்கு இருக்கிறது. 1937இல் இங்கிலாந்தில் ஒரு கோல்ப் கிளப்பில் சூதாட்ட மெஷின்களைப் பொலிஸ் அகற்றிவிட்டது. காட்டிக் கொடுத்தவர் நரகத்தில் எரியட்டும் என்று யாரோ ஒரு பாட்டைத் தட்டச்சில் அடித்துச் சுவரில் மாட்டிவிட்டார்கள். ‘எரிய’ என்பதற்கான ஆங்கிலச் சொல்லை பேர்ன் என்ற உறுப்பினரின் பெயர் தெரியும்படி எழுத்தை மாற்றிப் போட்டிருந்தது. எழுதியவர் யாரென்று தெரியவில்லை. பேர்ன், கிளப்பை நடத்திய டீன் தம்பதிமீது வழக்குப் போட்டார்.

மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது? சுவர் உங்களுடையது. பார்த்தீர்கள். எடுக்க இரண்டு விரல் போதும். எடுக்காமல் விட்டால், அது அங்கே இருக்க நீங்களும் சம்மதித்தீர்கள் என்று கொள்ளலாம்.

நம் ஊரில் இதைப் பிரட்டுக்களத்து அறிவிப்புப் பலகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் யாரோ ஒட்டிய துண்டுக்குக் கணக்கப்பிள்ளை பொறுப்பில்லை. காலையில் பார்த்துவிட்டு ஒரு வாரம் அப்படியே விட்டால் கதை வேறு.

ஒரு சின்ன வேடிக்கை: பேர்ன் கடைசியில் தோற்றார். சட்டவிரோத மெஷினைப் பற்றிப் பொலிசுக்குச் சொன்னார் என்பது ஒருவருடைய மானத்தைக் குறைக்கிற பேச்சே இல்லை என்று தீர்த்துவிட்டார்கள். வழக்கில் நிலைத்தது அந்தச் சுவர் மட்டும்தான்.

பதுளைப் புத்தகப்பூச்சி · திங்கள் மதியம் 12.30

நானும் அதே வகுப்புத்தான். சேர், ஒரு மறுப்பு. நீங்கள் சொல்வதன்படி, பார்த்த பிறகுதான் பொறுப்பு. ஆனால் அவுஸ்திரேலியாவின் வோலர் வழக்கு அப்படிச் சொல்லவில்லையே? 2021 செப்டெம்பரில் அங்குள்ள அதியுயர் நீதிமன்றம், ஐந்துக்கு இரண்டு என்று தீர்த்தது. பத்திரிகைகள் தங்கள் பேஸ்புக் பேஜில் செய்தியைப் போட்டு கொமெண்ட்டுக்கு இடம் திறந்தாலே, வாசகர் எழுதியதை வெளியிட்டவர்கள் ஆகிவிடுகிறார்கள். வோலர் வழக்குக்கு முன் கொமெண்ட்டை நீக்கச் சொல்லிக் கேட்கக்கூட இல்லை. அதன்படி எட்மின் ஞாயிறு இரவு 8.40க்கே மாட்டிக்கொண்டார்.

நெட்ராசா · திங்கள் மதியம் 12.41

அப்படியென்றால் பேஜ் வைத்திருக்கிற எல்லாரும் இன்றைக்கே மூட வேண்டியதுதான்.

கறுப்புக் கோட்டு · திங்கள் இரவு 9.30

பதுளை சொல்வது நல்ல மறுப்பு. இரண்டு பாதை இருக்கிறது, இரண்டும் நம் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது. எடுத்துக் காட்டலாம், அவ்வளவே.

இங்கிலாந்துப் பாதையில் 2013இல் டமிஸ் என்பவர் கூகுள் மீது போட்ட வழக்கு வருகிறது. கூகுளின் வலைப்பதிவுத் தளத்தில் அவரைப் பற்றி மோசமான கொமெண்ட்கள். முறையிட்ட பிறகு அவை இறங்க ஐந்து வாரத்துக்கு மேல் போனது. நீதிமன்றம் அந்தப் பழைய கோல்ப் கிளப்பையே எடுத்துப் போட்டது. முறைப்பாடு கிடைத்துத் தகுந்த காலம் கடந்தும் விட்டுவைத்தால் தளத்தையும் வெளியிட்டவராகக் கொள்ள இடமுண்டு என்றது. ஆனால் அதற்குள் பழைய பதிவுகளுக்கு அடியில் போய்விட்ட கொமெண்ட்டால் வந்த சேதம் அற்பம் என்று வழக்கைத் தள்ளிவிட்டது.

அவுஸ்திரேலியப் பாதையில் இடம் திறந்ததே போதும். ஆனால் 2024 ஜூலையிலிருந்து நியூ சவுத் வேல்ஸ் போன்ற இடங்களில் சட்டத்தைத் திருத்தியிருக்கிறார்கள். எழுத்தில் முறைப்பாடு வந்து ஏழு நாளுக்குள் தகுந்த நடவடிக்கை எடுத்த தளத்துக்கும் பேஜ் நடத்துகிறவருக்கும் ஒரு எதிர்வாதம் கொடுத்திருக்கிறார்கள். அதாவது சுற்றி வளைத்து அவர்களும் அறிவித்தலுக்கே வந்துவிட்டார்கள்.

நமக்கு இன்னொரு விஷயம் இருக்கிறது, புத்தகப்பூச்சி இதைக் கவனியுங்கள். ரோமன்-டச்சுச் சட்டத்தில் வெளியீடு மட்டும் போதாது, இழிவுபடுத்தும் எண்ணமும் வேண்டும். வார்த்தை இழிவானது என்று நிரூபித்தால் அந்த எண்ணம் இருந்ததாக ஊகிப்பார்கள், ஆனால் எதிராளி அதை உடைக்கலாம். கொமெண்ட்டைப் பார்க்கவே இல்லை என்று ஓர் எட்மின் நிரூபித்தால் அந்த ஊகம் நிற்பது கஷ்டம். அதனால்தான் வோலர் இங்கே அப்படியே வந்து உட்காராது என்று நான் நினைக்கிறேன். இது என் கருத்து, தீர்ப்பில்லை.

பசறை அக்கா · திங்கள் இரவு 10.15

நீங்கள் பெரிய வழக்கெல்லாம் பேசுகிறீர்கள். என் சித்தி மகளுடைய படத்தையும் போன் நம்பரையும் வைத்து யாரோ ஒரு போலிக் கணக்கு திறந்துவிட்டார்கள். நாளுக்கு இருபது கோல். நாங்கள் ரிப்போர்ட் பண்ணினோம், ‘விதிகளை மீறவில்லை’ என்று பதில் வந்தது. ஓர் அலுவலகத்தில் போய்ச் சொன்னோம், கணக்கை டிலீட் பண்ணச் சொல்லுங்கள் என்று எங்களிடமே சொல்லி அனுப்பினார்கள். பிள்ளை சிம்மை மாற்றிவிட்டது. ஆறாயிரம் பேர் பார்க்கிற பேஜ் எட்மினாவது கண்ணுக்குத் தெரிகிறான். எங்களுக்கு யாரைப் பிடிப்பது?

கறுப்புக் கோட்டு · திங்கள் இரவு 10.50

அக்கா, உங்களுடையது திரீவீலர் கேஸ் இல்லை. திரீவீலர் ‘நுழையாது’ என்று நான் மேலே சொன்ன அந்த நிகழ்நிலைக் காப்புச் சட்டம் உங்களுக்குத்தான் பொருந்தும். ஒருவரைத் தொந்தரவு செய்யும் எண்ணத்தோடு அவருடைய தனிப்பட்ட விவரத்தை வெளியிடுவது அதில் தனிக் குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் மனு போடும் வழியும் உங்களுக்குத் திறந்திருக்கிறது.

அதற்கு முன் ஒரு வேலை. ரிப்போர்ட் பண்ணும்போது ‘போலிக் கணக்கு’ என்று மட்டும் அழுத்தியிருப்பீர்கள். ஆள்மாறாட்டம் என்பதற்குத் தனித் தெரிவு இருக்கிறது. அதில் யாரைப் போல நடிக்கிறார்கள் என்று கேட்கும், பாதிக்கப்பட்ட பிள்ளையே தன் கணக்கிலிருந்து ‘என்னைப் போல’ என்று அனுப்பினால் பலன் கூட. கணக்கின் லிங்க், படம் தெரியும் ஸ்கிரீன்சொட், வந்த கோல்களின் பட்டியல் மூன்றையும் கணக்கு இறங்குவதற்கு முன்னமே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இறங்கிய பிறகு உங்களிடம் ஒன்றும் இருக்காது.

அந்தரங்கப் படம் எதுவும் இருந்தால் StopNCII.org என்று ஒரு தளம் இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது, அதன் கைரேகை போன்ற ஓர் எண்ணை மட்டும் எடுத்துத் தளங்களுக்குக் கொடுப்பார்கள். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும்.

பசறை அக்கா · திங்கள் இரவு 11.02

அந்த மாதிரிப் படம் இல்லை, கல்யாண வீட்டுப் படம்தான். நாளைக்கே அவளை வைத்து அனுப்பிப் பார்க்கிறோம் தம்பி.

திகன வாசி · செவ்வாய் காலை 5.45

‘விதிகளை மீறவில்லை’ என்ற அந்தப் பதிலை நானும் வாங்கியிருக்கிறேன். 2018 மார்ச்சில் எங்கள் ஊரில் கடைகள் எரிந்த வாரம். அதற்கு முன்னமே சிங்களத்தில் பச்சையாக வன்முறைக்கு அழைத்த பதிவுகளை எத்தனையோ பேர் ரிப்போர்ட் பண்ணினார்கள், பெரும்பாலும் அப்படியே கிடந்தன. கடைசியில் அரசாங்கம் மார்ச் 7ஆம் திகதி பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் மொத்தமாகவே முடக்கியது, ஒரு வாரத்துக்கு மேல். இரண்டு வருசம் கழித்து 2020 மேயில் பேஸ்புக் மன்னிப்புக் கேட்டது.

நான் சொல்ல வந்தது வேறு. அந்த நேரம் இங்கே அறிவித்தல் இல்லாமல் போகவில்லை. வாசித்து விளங்குகிற ஆள்தான் அந்தப் பக்கத்தில் இல்லை. உங்கள் தோட்டத்துப் பேஜ் எட்மினுக்கு ‘திரீவீலரைக் கேளுங்கள்’ என்றால் என்ன என்று ஒரு நொடியில் விளங்கும். வெளிநாட்டில் இருந்து பார்க்கிறவனுக்கு அது ஒரு வாகனம். தெரிந்த பிறகுதான் பொறுப்பு என்றால், அந்த அறிவு என்று சட்டம் சொல்வது எந்த அறிவு?

கொட்டகலை மாணவி · செவ்வாய் காலை 6.30

இது எனக்குத் தோன்றவேயில்லை. பேஸ்புக் நிறுவனத்துக்கும் எட்மினுக்கும் வேறு வேறு பதில் எழுத வேண்டும் போலிருக்கிறது.

ஒரு மன்னிப்பு. கேள்வித்தாளின் மறுபக்கத்தில் இரண்டு வரி இருந்தது, நான் போடவில்லை. முக்கியமில்லை என்று நினைத்தேன். “ஞாயிறு இரவு 9.10க்கு எட்மின்களில் ஒருவர் அந்தக் கொமெண்ட்டைப் பின் செய்து எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். சிரிக்கும் ஈமோஜியும் போட்டார்.”

கறுப்புக் கோட்டு · செவ்வாய் காலை 6.48

தங்கச்சி! கேஸே அதுதான்.

திங்கள் காலை மெசேஜில் லிங்க் இல்லை, 140 கொமெண்ட்டில் எதென்று தெரியாது, அதனால் அறிவு செவ்வாய் மாலை 5 மணிக்குத்தான் தொடங்கியது என்று எட்மினுக்காக வாதாடலாம் என்று இருந்தேன். நல்ல வாதம். அவுஸ்திரேலியாவின் புதிய விதியும் எங்கே இருக்கிறது என்று முறைப்பாட்டில் சொல்லச் சொல்கிறது. ஆனால் பின் செய்தவருக்கு ஞாயிறு 9.10க்கே தெரியும். யாரும் அறிவிக்கத் தேவையில்லை. பார்க்கவில்லை என்ற எதிர்வாதமும் போச்சு. இழிவுபடுத்தும் எண்ணத்துக்குச் சிரிக்கிற ஈமோஜியையே சாட்சியாக வைப்பார்கள்.

கோல்ப் கிளப்பில் டீன் பாட்டை எடுக்காமல் விட்டார், அவ்வளவுதான். இங்கே எட்மின் அதைக் கழற்றிக் கதவுக்கு நேரே நடுவில் மாட்டியிருக்கிறார். 6,000 பேர் பேஜைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அது. நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில்கூட இடையீட்டாளருக்கான விலக்கு, உள்ளடக்கத்தைத் தானே தெரிவு செய்தவருக்கோ மாற்றியவருக்கோ கிடையாது. பின் செய்வது அந்தத் ‘தெரிவு’ ஆகுமா என்று வாதாடிப் பார்க்கலாம்.

பதுளைப் புத்தகப்பூச்சி · செவ்வாய் காலை 8.05

ஆனால் அந்த எட்மின் மட்டும்தானே? பேஜில் மற்ற எட்மின்களும் இருப்பார்கள். ஒருவன் பின் பண்ணினால் தூங்கிக்கொண்டிருந்தவனுக்கும் அந்த அறிவு ஒட்டிக்கொள்ளுமா?

கறுப்புக் கோட்டு · செவ்வாய் காலை 8.20

ஒட்டாது என்பது என் எண்ணம், பங்காளிகளாகச் சேர்ந்து பேஜை நடத்தினார்கள் என்று காட்டினால் தவிர. தூங்கியவருக்கு செவ்வாய் 5 மணிக் கடிதம் மிக முக்கியம்.

பழைய தலைவர் · செவ்வாய் காலை 10.30

இப்போதுதான் முந்தாநாள் நான் கேள்வியைத் தவறாக விளங்கிக்கொண்டது தெரிகிறது, மன்னிக்கவும். ஆனால் வாசித்துக்கொண்டு வரும்போது ஒரு பயம் வந்தது.

எங்கள் தோட்டத்தில் ஒரு தடவை சாவுப் பணம் கொடுக்கத் தாமதமானது. கூட்டத்தில் கேட்டால் வாயை அடைப்பார்கள். இப்போதைய பிள்ளைகள் பேஸ்புக்கில் கேட்கிறார்கள். நீங்கள் சொல்கிறபடி பார்த்தால், பொருளாளர் ஒரு சட்டத்தரணிக்குக் காசு கொடுத்து ஒரு கடிதம் எழுதினால் போதும், எட்மின் பயந்து எடுத்துவிடுவான். அது உண்மையாகவே இருந்தாலும் எடுத்துவிடுவான். வழக்குப் பேசக் காசில்லாத பையன் வேறென்ன செய்வான்? அப்போ கடிதம் எழுதத் தெரிந்தவன் சொல்வதுதான் உண்மையா?

பதுளைப் புத்தகப்பூச்சி · செவ்வாய் மதியம் 1.10

ஐயா கேட்டதைத்தான் இந்திய உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ஷ்ரேயா சிங்கல் வழக்கில் கேட்டது. ஆயிரக்கணக்கான முறைப்பாடுகளில் எது நியாயம், எது நியாயமில்லை என்று தளமே நீதிபதியாக இருந்து பார்க்க முடியுமா? முடியாது. ஆகவே அங்கே தளத்துக்கு ‘அறிவு’ என்றால் நீதிமன்றக் கட்டளையோ அரசாங்க அறிவித்தலோ வர வேண்டும், தனியாள் அனுப்பும் கடிதம் போதாது என்று சட்டத்தைச் சுருக்கி வாசித்தார்கள். என் ஒப்படையில் இதைத்தான் தீர்வாக எழுதப் போகிறேன்.

பசறை அக்கா · செவ்வாய் மதியம் 1.35

நீதிமன்றக் கட்டளை வரும்வரை என் தங்கச்சி படமும் நம்பரும் அங்கேயே கிடக்கட்டுமா தம்பி?

பதுளைப் புத்தகப்பூச்சி · செவ்வாய் மதியம் 1.50

...அதற்கு என்னிடம் பதில் இல்லை அக்கா.

கறுப்புக் கோட்டு · செவ்வாய் இரவு 9.00

இரண்டு பேரும் கேட்பது சரியான கேள்வி, ஒரே விதியால் இரண்டுக்கும் பதில் சொல்ல முடியாது. போன் நம்பரையும் படத்தையும் போட்டிருப்பது பார்த்தவுடன் தெரியும், அங்கே உண்மையா பொய்யா என்ற விசாரணையே தேவையில்லை. திரீவீலர் கேஸில் பற்றுச்சீட்டின் அடிக்கட்டையைப் பார்க்காமல் எதுவும் சொல்ல முடியாது.

தலைவர் ஐயா கேட்டதற்கு: நம் சட்டத்தில் உண்மை என்பது மட்டும் தப்பிக்கப் போதாது, அதைச் சொல்வதால் பொதுநன்மையும் இருக்க வேண்டும். மரணாதாரச் சங்கக் காசு உறுப்பினர் எல்லாருடைய சந்தாவும்தான், ஆகவே பொதுநன்மையைக் காட்டுவது கஷ்டமில்லை. கஷ்டம், உண்மை என்று காட்டுவது. எழுதியவரே பெயரில்லாதவராக இருக்கும்போது எட்மின் எதை வைத்துக் காட்டுவார்?

நான் எட்மினாக இருந்தால் கடிதம் வந்த அன்றே கொமெண்ட்டை மறைத்துவிட்டு, எழுதியவருக்கு ‘ஆதாரம் இருந்தால் இன்ன திகதிக்குள் அனுப்புங்கள்’ என்று எழுதுவேன். பொருளாளருக்கும் ‘உங்கள் மறுப்பைத் தந்தால் அதையும் போடுகிறோம்’ என்று எழுதுவேன். கூட்டத்தில் கணக்கு வை என்று கேட்கிற கொமெண்ட்களை ஒரு போதும் தொட மாட்டேன். ‘கணக்கைக் காட்டுங்கள்’ என்பது ஒருவரைத் திருடன் என்பதில்லை.

நெட்ராசா · செவ்வாய் இரவு 9.20

சரி, என் கேஸ் தோற்றது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் நாலு மணித்தியாலத்தில் ஹைட் பண்ணிவிட்டார்களே, அதற்கு ஒரு மதிப்பும் இல்லையா?

கறுப்புக் கோட்டு · செவ்வாய் இரவு 9.45

மதிப்பு இருக்கிறது, நீங்கள் நினைக்கிற அளவுக்கு இல்லை. பேஜில் ஒரு கொமெண்ட்டை ஹைட் செய்தால் மற்றவர்களுக்குத் தெரியாது. ஆனால் எழுதியவருக்கும் அவருடைய நண்பர்களுக்கும் தொடர்ந்து தெரியும். எழுதியவர் தோட்டத்துப் பையனாக இருந்தால் அவருடைய நண்பர்கள் யார்? பொருளாளரின் அயல் வீட்டுக்காரர்கள்! பொருளாளருடைய மானம் யார் கண்ணில் கெட வேண்டுமோ அவர்களுக்கெல்லாம் வியாழன் காலை வரை அது தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அந்த ஒன்றரை நாளை எதிர்ப்பக்கச் சட்டத்தரணி விடமாட்டார்.

இன்னொன்று, டிலீட். கொமெண்ட்டை நீக்கினால் அதற்குக் கீழே வந்த பதில்களும் சேர்ந்து போய்விடும். அதில் யாராவது “நானும் கேள்விப்பட்டேன்” என்றோ “பொய், அவர் கடன் வாங்கித்தான் வாங்கினார்” என்றோ எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் சாட்சி போச்சு. நீக்குவதற்கு முன் கொமெண்ட்டின் நேரத்தை அழுத்துங்கள், முகவரியில் `comment_id=` என்று ஒரு நீண்ட எண் வரும். அதை அப்படியே பிரதி எடுங்கள். எழுதியவருடைய கணக்கின் லிங்க்கையும், பதில்களோடு சேர்த்து ஸ்கிரீன்சொட்டையும் எடுங்கள். பொருளாளர் திங்கள் காலை அந்த எண்ணை மட்டும் அனுப்பியிருந்தால் இந்த ஒப்படையில் பாதித் தகராறு இருந்திருக்காது.

கொட்டகலை மாணவி · செவ்வாய் இரவு 10.30

மூன்றாம் பக்கம் முடிந்தது. பேஸ்புக் நிறுவனத்துக்கு யாருமே அறிவிக்கவில்லை, பொருளாளர் பேஜுக்கு மட்டும்தான் எழுதினார். ஆகவே நிறுவனத்தின் மீது வழக்கு பலவீனம் என்று எழுதிவிட்டேன், சரியா? பின் பண்ணியவர் ஞாயிறு 9.10 முதல், மற்ற எட்மின் செவ்வாய் 5 மணி முதல் என்று பிரித்தும் எழுதியிருக்கிறேன்.

கடைசியாக ஒரு வரி மிச்சம் இருக்கிறது: “மூன்றாவது எட்மின் 2022இல் டுபாய் போனார். அதற்குப் பிறகு பேஜைத் திறக்கவில்லை, எட்மின் பதவியிலிருந்து விலகவும் இல்லை.” இவரை என்ன செய்வது?

பதுளைப் புத்தகப்பூச்சி · செவ்வாய் இரவு 10.41

பேஸ்புக் பற்றி எழுதியது சரி. டுபாய்க்காரரை விட்டுவிடு. பார்க்கவில்லை, அறிவில்லை, எண்ணமில்லை.

திகன வாசி · செவ்வாய் இரவு 10.55

திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு கடையைப் பார்க்காமல் விடுவது ஒரு பதிலா? சட்டக் கடிதம் பேஜுக்கு வந்தால் அவருடைய போனிலும் மணி அடித்திருக்குமே.

கறுப்புக் கோட்டு · செவ்வாய் இரவு 11.20

அவர் போனில் பேஜ் நோட்டிபிகேஷன் ஓனில் இருந்ததா, ஓபில் இருந்ததா என்று கேள்வியில் இருக்கிறதா? இல்லையென்றால் இரண்டு பக்கத்தையும் எழுதி வையுங்கள். நான் வோலரைப் பிடித்து அவரை இழுக்கவும் முடியும், எண்ணத்தைப் பிடித்து விடுவிக்கவும் முடியும். எந்தப் பக்கம் எனக்கு யார் காசு தருகிறார் என்பதைப் பொறுத்தது :)

பழைய தலைவர் · புதன் காலை 5.30

டுபாய்த் தம்பியின் சந்தா கட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.